பத்து லாரி, ஒரே ரேட்: ஆள் கூடக்கூட கார்டெல் ஏன் ஆட்டம் காண்கிறது

கேள்வி: பெங்களூரில் எம்.ஏ. எகனாமிக்ஸ் முதல் வருடம் படிக்கிறேன். ஒரே மாதிரியான n கம்பெனிகள் சேர்ந்து விலையைப் பேசிவைக்கும் கூட்டான கார்டெல் நிற்க வேண்டுமானால், நாளைய ரூபாய்க்கு இன்று தரும் மதிப்பான δ ≥ 1 − 1/n இருக்க வேண்டும் என்று வகுப்பில் நிரூபித்தார்கள். கணக்கு புரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. இன்னொன்று: மாரத்தஹள்ளி பக்கம் எங்கள் லேஅவுட்டுக்கு வருகிற தண்ணீர் டேங்கர்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஏப்ரலில் யாரைக் கூப்பிட்டாலும் ஒரே ரேட் சொல்கிறார்கள். அப்படியானால் ஃபார்முலா தப்பா?

பதில்:

ஃபார்முலா சரிதான். ஆனால் அது சொல்கிற டேங்கர் உங்கள் தெருவில் ஓடுகிற டேங்கர் இல்லை. முதலில் ஃபார்முலாவின் டேங்கரைப் பார்த்துவிட்டு, கடைசியில் உங்கள் தெருவுக்கு வருகிறேன்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் தினம் 100 லோடு தண்ணீர் போகிறது. போர்வெல், டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு லோடுக்குச் செலவு 700 ரூபாய். எல்லோரும் பேசிவைத்து 1,200 வாங்குகிறார்கள். லோடுக்கு 500 நிற்கும், ஆக மொத்த வட்டாரத்திலும் ஒரு நாள் லாபம் 50,000 ரூபாய். யார் ரேட்டைக் குறைக்கிறாரோ, எல்லா போனும் அவருக்கே வரும். வந்த 100 லோடையும் அவர் ஒருவரே அடித்துவிட முடியும். இந்தக் கடைசி அனுமானம் கொஞ்சம் கண்ணை உறுத்தட்டும், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் என்றால் ஆளுக்கு 50 லோடு, தினம் 25,000. ஒருவர் 1,190 என்று இறக்கினால் அன்று நூறு லோடும் அவருக்கு. பத்து ரூபாய் குறைத்ததை விட்டுவிடுவோம். கையில் கிட்டத்தட்ட 50,000. அதாவது அன்று கூடுதலாக வந்தது 25,000, சரியாக ஒரு நாள் பங்கு. மறுநாள் மற்றவரும் இறக்குவார், ரேட் 700 வரை போகும், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் நிற்காது. ஆக அவர் இழப்பது நாளை முதல் நாளுக்கு ஒரு பங்கு.

பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 10 லோடு, தினம் 5,000. ரேட்டை இறக்குகிறவருக்கு அன்று வருவது அதே 50,000. கூடுதலாக வந்தது 45,000, அதாவது ஒன்பது நாள் பங்கு. இழப்பதோ நாளை முதல் நாளுக்கு ஒரு பங்குதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏமாற்றுகிறவருக்குக் கிடைக்கும் 50,000 மாறவே இல்லை என்பது. இரண்டு பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் ஒரே நாளில் அள்ளக்கூடியது அவ்வளவுதான். மாறுவது, பேச்சுப்படி நடக்கிறவருக்குக் கிடைப்பது. ஆள் கூடக்கூட அது சுருங்குகிறது, ஆகவே கூட்டு உடைந்தால் அவர் இழப்பதும் சுருங்குகிறது. ஆசை அதிகமாகிறது என்பதைவிட, பிடித்துவைக்கிற கயிறு மெலிந்துபோகிறது என்று சொல்வதுதான் சரி.

இதையே டெல்டாவில் எழுதுவோம். நாளைக்கு வரும் ஒரு ரூபாய் இன்றைக்கு δ ரூபாய்க்குச் சமம் என்றால், நாளை தொடங்கி என்றென்றும் சுற்றுக்கு ஒரு ரூபாய் வருவதன் இன்றைய மதிப்பு δ + δ² + δ³ + ... என்று போய் δ/(1−δ) ஆகும். ஏமாற்றினால் இன்று n−1 பங்கு கூடுதல். இழப்பு, நாளை முதல் சுற்றுக்கு ஒரு பங்கு. கூட்டு நிற்க வேண்டுமானால்:

δ/(1−δ) ≥ n − 1

இதைத் திருப்பிப்போட்டால் உங்கள் வகுப்பில் வந்த δ ≥ 1 − 1/n. இரண்டு பேருக்கு 0.5, மூன்று பேருக்கு 0.667, ஐந்துக்கு 0.8, பத்துக்கு 0.9, இருபதுக்கு 0.95. மனதில் வைத்துக்கொள்ள மேலே உள்ள வடிவமே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அதில் இடப்பக்கம் முழுக்க எதிர்காலம், வலப்பக்கம் முழுக்க இன்றைய ஆசை.

இதை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் n எதற்கு உள்ளே வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒருவருக்கு மொத்த லாபத்தில் s என்ற பங்கு தருகிறீர்கள். பேச்சுப்படி நடந்தால் அவருக்கு வருவதன் மதிப்பு s/(1−δ), மீறினால் ஒரே தடவையில் 1. அவர் அடங்கியிருக்க s ≥ 1−δ இருந்தாக வேண்டும். δ 0.9 என்றால், ஆளுக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது கொடுத்தால்தான் உட்காருவார். பந்தியில் ஒவ்வொருவரும் 'இவ்வளவாவது இலையில் விழுந்தால்தான் உட்காருவேன்' என்றால், சமைத்த சோற்றை அந்த அளவால் வகுத்தால் எத்தனை பேர் உட்காரலாம் என்று தெரிந்துவிடும். இங்கே சோறு 1, ஆளுக்கு வேண்டியது 1−δ. ஆக n × (1−δ) ≤ 1. பதினோராவது ஆள் வந்தால் யாராவது ஒருவருக்காவது அளவு குறையும், குறைந்தவர் எழுந்து போவார். பங்கைச் சமமாகப் பிரிக்காமல் ஒருவருக்குக் கூடவும் ஒருவருக்குக் குறையவும் கொடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை. சமமாகப் பிரிப்பதுதான் அதிகம் பேரை உட்காரவைக்கும் வழி.

தேர்வில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'லாபம் அதிகமாக இருந்தால் கார்டெல் நிற்பது எளிது' என்று எழுதிவிடுவார்கள். இந்த மாதிரியில் அது தவறு. லோடுக்கு 500 நின்றாலும் 50 நின்றாலும் இரண்டு பக்கமும் அதே தொகையால் பெருகி அடிபட்டுப்போகிறது. δ, n இரண்டு மட்டுமே மிஞ்சும். பேராசையைக் குறைத்து 1,200-க்குப் பதில் 900 என்று பேசிவைத்தாலும் கூட்டு பலப்படாது. δ போதவில்லை என்றால் 701 ரூபாய்கூட நிற்காது.

இனி டெல்டாவில் நிஜமான எண்ணைப் போட்டுப் பார்ப்போம், இங்கேதான் சுவாரசியம். டெல்டா வட்டியை மட்டும் பொறுத்தது என்றால் δ = 1/(1+r). அப்போது δ/(1−δ) என்பது வெறும் 1/r. நிபந்தனை n − 1 ≤ 1/r என்று சுருங்கிவிடும். வருடத்துக்கு 12 சதவீத வட்டி, மற்றவர்கள் மறுநாளே ரேட்டை இறக்கிவிடுவார்கள் என்றால், ஒரு நாள் வட்டி 0.12/365. 1/r ஏறக்குறைய 3,040. அதாவது மூவாயிரம் டேங்கர்காரர்கள் சேர்ந்து கூட்டு வைத்தாலும் உடையாது என்று ஃபார்முலா சொல்கிறது! லேவாதேவி வட்டி மாதம் 2 சதவீதம், ஏமாற்றியது தெரிய ஒரு மாதம் ஆகும் என்று கடுமையாக்கினாலும், 51 பேர் வரை நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் 'அப்படியென்றால் n ஒரு பிரச்சினையே இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். தவறு, δ என்பது வட்டி மட்டும் என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. அதற்குள் இன்னும் இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒன்று, அடுத்த சுற்று வரைக்கும் கூட்டு உயிரோடு இருக்கும் வாய்ப்பு. இன்னொன்று, ஒரு சுற்று எத்தனை நாள் என்பது. இந்த இரண்டையுமே n கெடுக்கும். ஆக n நிபந்தனையின் வலப்பக்கத்தில் மட்டும் இல்லை, இடப்பக்கத்திலும் ஒளிந்திருக்கிறது.

முதலில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு. இந்தியாவில் போட்டிச் சட்டம் 2002-இன் 46-ஆவது பிரிவின்படி, கார்டெலில் இருந்துகொண்டே டெல்லியில் உள்ள போட்டி ஆணையத்திடம் முதலில் போய் முக்கியமான தகவலைக் கொடுக்கிறவருக்கு அபராதம் முழுவதுமாகக்கூடக் குறைக்கப்படலாம். இரண்டாவது வருகிறவருக்கு 50 சதவீதம் வரை, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு 30 சதவீதம் வரை. 2021 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்ட பீர் வழக்கில் மூன்று கம்பெனிகள் மாட்டின, மொத்த அபராதம் சுமார் 873 கோடி. முதலில் போய்ச் சொன்ன ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு நூறு சதவீதத் தள்ளுபடி. மூன்றே பேர் இருந்த இடத்திலேயே இப்படி.

ஒருவர் ஒரு மாதத்தில் போய்ச் சொல்லிவிடவோ, கோபித்துக்கொண்டு விலகவோ வாய்ப்பு 1 சதவீதம் என்று வைப்போம். n பேரும் வாய் திறக்காமல் மாதம் கழியும் வாய்ப்பு 0.99 அடுக்கு n. மூன்று பேருக்கு 0.97, பத்துப் பேருக்கு 0.904, இருபது பேருக்கு 0.818. இதையும் மாதம் 2 சதவீத வட்டியையும் சேர்த்தால்:

δ = 0.99ⁿ / 1.02

ஒன்பது பேருக்கு δ 0.896, தேவை 0.889: மயிரிழையில் நிற்கிறது. பத்துப் பேருக்கு δ 0.887 ஆக இறங்குகிறது, தேவையோ 0.9 ஆக ஏறுகிறது: உடைகிறது. வட்டி மட்டும் இருந்தபோது 51 பேர் தாங்கிய அதே கூட்டு, ஆளுக்கு ஒரு சதவீதக் கசிவு சேர்ந்ததும் 9 பேரோடு நின்றுவிட்டது. n ஏறும்போது தேவையான கோடு மேலே போகிறது, இருக்கிற டெல்டா கீழே வருகிறது. கத்தரிக்கோலின் இரண்டு கால்களைப் போல.

அடுத்தது ஒரு சுற்றின் நீளம். மாதிரியில் 'ஒரு சுற்று' என்பது காலண்டர் நாள் இல்லை. ஒருவர் ஏமாற்றத் தொடங்கியதிலிருந்து மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்து ரேட்டை இறக்கும் வரை ஆகும் காலம். அது T மாதம் என்றால், T மாதமும் அவர் முழு லாபத்தை அள்ளுவார். கணக்குப் போட்டால் நிபந்தனை இப்படி மாறும்:

δᵀ ≥ 1 − 1/n

மேலே சொன்ன அதே வட்டியும் கசிவும் வைத்து, கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆகும் என்றால் அதிகபட்சம் 6 பேர். மூன்று மாதம் என்றால் 5 பேர். அதுவும் δ³ 0.81, தேவை 0.8 என்று தொங்கிக்கொண்டு.

இந்த T-யையும் ஆள் எண்ணிக்கை நீட்டிவிடும். அறிவித்த ரேட்டை யாரும் வெளிப்படையாக இறக்குவதில்லை. தெரிந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் ரகசியமாக நூறு ரூபாய் குறைத்து, தினம் ஒரு பத்து லோடைத் தன் பக்கம் இழுப்பார்கள். இரண்டே பேர் என்றால், மற்றவருக்கு 50-இல் 10 போய்விட்டது, உடனே உறைக்கும். பத்துப் பேரில் ஒருவர் அதே 10 லோடை இழுத்தால், மீதி ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 1.1 லோடுதான் குறையும், 10-இல். இருபது பேரில் என்றால் 5 லோடில் அரை லோடு. நேற்று மழை பெய்தது, சனிக்கிழமை, அந்த அபார்ட்மென்டில் காவிரி வந்துவிட்டது என்று ஆயிரம் காரணம் இருக்கும்.

எவ்வளவு நாளில் தெரியும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடவும் முடியும். போன்கள் தன்போக்கில் வருகின்றன என்றால், தினசரி ஏற்றத்தாழ்வு சராசரி லோடின் வர்க்கமூலம் அளவு இருக்கும். T நாள் சேர்ந்த இழப்பு, T நாள் சேர்ந்த ஏற்றத்தாழ்வைப் போல இரு மடங்கு ஆனால்தான் 'ஏதோ நடக்கிறது' என்று சொல்ல முடியும் என்று வைப்போம். இந்த எண்களுக்கு T = 4(n−1)²/n நாள் என்று வருகிறது. இரண்டு பேருக்கு 2 நாள், பத்துப் பேருக்கு 32 நாள், இருபது பேருக்கு 72 நாள். தன் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், ஆள் இரு மடங்கானால் நாளும் இரு மடங்குக்கு மேல். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964-இல் கார்டெலின் முக்கியப் பிரச்சினை ரகசிய விலைக்குறைப்பைக் கண்டுபிடிப்பதுதான் என்று வாதிட்டதன் சாரம் இதுவே.

ஒரு நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்: இப்படித் திருட்டுத்தனமாக 10 லோடு மட்டும் இழுக்கிறவருக்கு லாபமும் சின்னது. மொத்த வட்டாரத்தையும் அள்ளுகிறவரின் 1 − 1/n கோடு இவருக்குப் பொருந்தாது. அவர் பங்கு s லோடு, இழுப்பது g லோடு என்றால் கோடு g/(s+g). இரண்டு பேரில் 10/60. இருபது பேரில் 10/15. அதாவது கோடு தாழ்ந்துதான் இருக்கிறது, ஆனால் n கூடும்போது அதுவும் ஏறுகிறது, கூடவே அடுக்கில் இருக்கும் T-யும் ஏறுகிறது.

அதனால்தான், ஆள் அதிகம் இருக்கும் கார்டெல்கள் ரேட்டைப் பேசிவைப்பதோடு நிற்காமல், விற்பனை எண்களைச் சேகரிக்க ஒரு ஏற்பாட்டையும் செய்துகொள்ளும். 1990-களின் முதல் பாதியில், கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசினை விற்றவர்கள் நடத்திய கார்டெலில் ஐந்து கம்பெனிகள்தான். அங்கேயே மாதாமாதம் ஒவ்வொருவரும் எத்தனை டன் விற்றோம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒதுக்கிய அளவுக்கு மேல் விற்றவர், குறைவாக விற்றவரிடம் வருடக் கடைசியில் சரக்கை வாங்கி ஈடுகட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. மேலே உள்ள கணக்கில் இது T-யை ஒரு மாதமாக நறுக்குகிறது. ஏமாற்றினால் கிடைக்கும் g-யையும் பிடுங்கிக்கொள்கிறது. நம் நாட்டில் 2012-இல் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்குச் சுமார் 6,300 கோடி அபராதம் போட்டபோது, உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக விலை, உற்பத்தி விவரங்கள் கைமாறியதை ஒரு முக்கியச் சான்றாக எடுத்துக்கொண்டது. அந்த உத்தரவு மேல்முறையீட்டில் ரத்தாகி, 2016-இல் மறுபடி போடப்பட்டு, 2018-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுதியாகி, உச்ச நீதிமன்றம் போனது வேறு கதை. நான் சொல்ல வருவது, பதினொரு பேர் வெறும் கண்ஜாடையில் ஒருவரை ஒருவர் கண்காணிப்பது கடினம் என்பதை. எண்களைக் கூட்டிப் பகிர ஒரு மேஜை வேண்டியிருக்கிறது; அந்த மேஜைதான் பிறகு விசாரணை அதிகாரிக்குத் தடயமும் ஆகிறது.

இப்போது உங்கள் தெருவின் டேங்கர். ஆரம்பத்தில் உறுத்தட்டும் என்று விட்ட அனுமானத்தை எடுங்கள். ஒரு லாரி வைத்திருப்பவர் ரேட்டை இறக்கினால் 100 லோடையும் அடித்துவிட முடியுமா? நிரப்ப நேரம் வேண்டும், வர்த்தூர் சாலை டிராஃபிக், இறக்கவும் நேரம் வேண்டும். ஒருவரால் நாளுக்கு 15 லோடுதான் முடியும் என்று வைப்போம். பத்துப் பேரில் ஒருவர் ஏமாற்றினால் 10 லோடு 15 ஆகும். கூடுதல் 5 லோடு, அரை நாள் பங்கு. ஒன்பது நாள் பங்கு இல்லை! தண்டனையோ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் மீதி ஒன்பது பேரும் சேர்ந்தால் 135 லோடு அடிக்க முடியும். தேவை 100தான், ஆகவே சண்டை வந்தால் ரேட் 700 வரை போகும். நிபந்தனை:

δ ≥ 1 − D/(nK)

D மொத்தத் தேவை, K ஒருவரின் கொள்ளளவு. இங்கே 1 − 100/150, அதாவது மூன்றில் ஒன்று. உங்கள் ஃபார்முலா கேட்ட 0.9 எங்கே, இந்த 0.333 எங்கே. பத்துப் பேர் ஒரே ரேட்டில் நிற்பது இந்தக் கணக்கில் அதிசயமே இல்லை.

ஆனால் n இங்கேயும் அதே வேலையைச் செய்கிறது, வேறு வேஷத்தில். ரேட் நன்றாக இருப்பதைப் பார்த்து லோன் போட்டு லாரி வாங்கி இன்னும் பத்துப் பேர் வந்தால், பங்கு 5 லோடு, கொள்ளளவு அதே 15. ஏமாற்றினால் மூன்று மடங்கு. நிபந்தனை மூன்றில் இரண்டுக்கு ஏறிவிடும். இங்கே கூட்டை உடைப்பது தலை எண்ணிக்கை என்பதைவிட, சும்மா நிற்கும் லாரி. தலைகளைக் கூட்டாமல் அதே பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டாவது லாரி வாங்கினாலும் 1 − 100/300, அதே மூன்றில் இரண்டுதான். ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: ஆள் எட்டுக்குக் கீழே போனால், மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் 100 லோடு அடிக்க முடியாது. அப்போது சண்டை வந்தாலும் ரேட் 700-க்கு இறங்காது, தண்டனையில் காரம் குறையும், இந்த ஃபார்முலாவும் செல்லாது.

கூர்னோ மாதிரியைக் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. அங்கே கம்பெனிகள் விலைக்குப் பதில் அளவைத் தீர்மானிக்கின்றன. தேவைக்கோடு நேர்கோடு, செலவு நிலையானது, உடைந்தால் கூர்னோ சமநிலைக்குத் திரும்புவார்கள் என்றால், δ ≥ (n+1)²/((n+1)² + 4n). இரண்டு பேருக்கு 0.529, பத்துப் பேருக்கு 0.752. இரண்டு பேர் இருக்கும்போது, மேலே பார்த்த விலைப்போட்டி மாதிரியான பெர்ட்ராண்டைவிடச் சற்று கூடுதல், மூன்றிலிருந்து குறைவு. தண்டனை மென்மையாக இருப்பது ஒரு பக்கம், ஒரே மூச்சில் சந்தையை அள்ள முடியாதது இன்னொரு பக்கம். ஆள் கூடும்போது இரண்டாவதுதான் ஜெயிக்கிறது. n ஏறினால் கோடு ஏறும் என்பது மட்டும் இங்கேயும் மாறவில்லை.

கடைசியாக ஏப்ரல். ஒரே ரேட் என்பதால் மட்டும் கார்டெல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் போர்வெல் வற்றி, பத்து லாரியும் சேர்ந்து 150 லோடுதான் முடியும் என்கிற இடத்தில் 200 லோடுக்கு போன் வந்தால், எந்தப் பேச்சும் இல்லாமலேயே எல்லோரும் உச்ச ரேட்டில் நிற்பார்கள். ஏற்கெனவே நாள் முழுக்க ஓடுகிற லாரிக்காரர் எதற்கு ரேட்டைக் குறைக்க வேண்டும்? அவருக்கு ஏமாற்றும் ஆசையே பூஜ்யம், டெல்டா பற்றிய பேச்சே எழாது. போதாததற்கு, 2024 மார்ச்சில் பெங்களூர் மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்ததைப் போல அரசே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், எல்லோரும் வந்து குந்துவதற்கு அந்த எண்ணே திண்ணையாகிவிடும்.

சோதித்துப் பார்க்க வேண்டிய மாதம் ஆகஸ்ட். மழை பெய்து, தேவை 60 லோடாக இறங்கி, லாரிகள் ரோட்டோரம் தூங்குகிற நேரம். அப்போது கோடு 1 − 60/150, அதாவது 0.6. அந்தச் சமயத்திலும் செலவு அளவுக்கு ரேட் இறங்காமல் பத்துப் பேரும் ஏப்ரல் எண்ணையே சொன்னால், பேச்சு ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் வாயால் சொல்லும் ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள். கூட்டுக்குள் ஏமாற்றுகிறவர் அந்த எண்ணைத் தொடவே மாட்டார். மாதக் கடைசியில் பணம் கொடுத்தால் போதும் என்பார், பத்து லோடுக்கு ஒன்று சும்மா விடுவார், முந்தி 'நாளைக்குத்தான் சார்' என்றவர் அரை மணியில் வந்து நிற்பார். உங்கள் அபார்ட்மென்டின் பில் புத்தகத்தை எடுத்து, உண்மையில் கொடுத்த பணத்தை உண்மையில் இறங்கிய லிட்டரால் வகுத்து மாதாமாதம் குறித்துப் பாருங்கள். அந்த எண் ஆளுக்கு ஆள் வேறுபடத் தொடங்கியிருந்தால், வெளியே ரேட் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கூட்டு ஏற்கெனவே பிரிந்துகொண்டிருக்கிறது.